பூஜ்யத்துக்குத் திரும்பும் இடம்

பொறியியல் கல்லூரியில் ‘தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்’ நடத்துகிற எவருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம்: a என்ற எழுத்தும் b என்ற எழுத்தும் சம எண்ணிக்கையில் வரும் எல்லாச் சரங்களையும் பிறப்பிக்கும் சூழல்சாரா இலக்கணம் ஒன்றை எழுதுக. பல்கலைக்கழகத் தேர்விலும் கேட் தேர்விலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இது வந்துகொண்டே இருக்கும். விடை ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்பதால் பலரும் அதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நான் இதற்கு முழு வகுப்பையும் ஒதுக்குகிறேன். ஓர் இலக்கணம் சரி என்று எதைக் கொண்டு சொல்கிறோம் என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சிறிய, தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சூழல்சாரா இலக்கணம் என்பது சில மாற்று விதிகளின் தொகுப்பு. S என்ற குறியிலிருந்து தொடங்குகிறோம். விதி அனுமதிக்கும் எதையும் S இருக்கும் இடத்தில் வைக்கலாம். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் ‘சூழல்சாரா’ என்கிறோம். S எதுவும் மிச்சமில்லாமல் வெறும் எழுத்துகள் மட்டும் நிற்கும்போது ஒரு சரம் கிடைக்கிறது. எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை ε என்று எழுதுவோம். நோம் சோம்ஸ்கி 1956-இல் மனித மொழிகளின் வாக்கிய அமைப்பை ஆராயும்போது இந்த வகை இலக்கணத்தை முன்வைத்தார். சில ஆண்டுகளுக்குள், 1960-இல் வெளியான அல்கால் 60 அறிக்கை, ஒரு கணினி மொழியின் தொடரமைப்பு முழுவதையும் இதே வகை விதிகளில் எழுதிக் காட்டியது. இன்றைய கம்பைலர்களின் பார்ஸர்கள் அந்த வழியில் வந்தவை.

சம எண்ணிக்கைக் கேள்விக்குப் போகும் முன் நான் எப்போதும் அடைப்புக்குறிகளில் தொடங்குவேன். திறக்கும் குறி ஒவ்வொன்றுக்கும் சரியான மூடும் குறி இருக்கும் சரங்கள் மட்டும் வேண்டும். `(())` வேண்டும், `()()` வேண்டும். `)(` வேண்டாம், `(()` வேண்டாம். வகுப்பில் பெரும்பாலோர் சொல்லும் முதல் விடை இது:

```
S → (S) | SS | ε
```

இது தவறில்லை. அடைப்புக்குள் ஒரு நல்ல சரத்தை வைத்தால் நல்ல சரம். இரண்டு நல்ல சரங்களை அடுத்தடுத்து வைத்தால் நல்ல சரம். வேண்டிய எல்லாச் சரமும் இதில் வரும், வேண்டாதது எதுவும் வராது. ஆனால் ஒரே சரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பகுப்பு மரங்கள் உண்டு. `()()()` என்பதில் முதல் இரண்டு ஜோடியைச் சேர்த்து எடுப்பதா, கடைசி இரண்டைச் சேர்ப்பதா? இரண்டுக்கும் விதி இடம் தருகிறது. இன்னும் மோசம், S → SS என்று விரித்து அதில் ஒரு S-ஐ ε ஆக்கினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் வெறும் `()` என்பதற்குக்கூட முடிவில்லாத மரங்கள் உண்டு. இதைத்தான் ஆம்பிகுவிட்டி என்கிறோம். தாளில் எழுதும்போது இது உறுத்தாது. இதே விதிகளை லேபில் பைசனுக்குக் கொடுத்தால் திரையில் உடனே `shift/reduce conflicts` என்று வந்து நிற்கும். அடுத்த எழுத்தைப் பார்த்து எந்த விதியை எடுப்பது என்று அந்தக் கருவியால் முடிவு செய்ய முடியவில்லை என்று பொருள்.

இங்கேதான் நான் பலகையில் ஒரு கோடு வரையத் தொடங்குவேன். திறக்கும் குறி வந்தால் ஒரு படி மேலே, மூடும் குறி வந்தால் ஒரு படி கீழே. தரை பூஜ்யம். `(()())()` என்ற சரத்தை இப்படி நடந்தால் உயரங்கள் 1, 2, 1, 2, 1, 0, 1, 0 என்று வரும். நல்ல சரத்துக்கு இரண்டே நிபந்தனை: முடிவில் தரைக்கு வர வேண்டும், நடுவில் எங்கும் தரைக்குக் கீழே போகக் கூடாது.

இப்போது மாணவர்களிடம் கேட்பேன்: “புறப்பட்ட பிறகு முதன்முதலில் தரையைத் தொடும் இடம் எது?” மேலே உள்ள சரத்தில் அது ஆறாவது எழுத்து. அந்த மூடும் குறிதான் முதல் திறக்கும் குறியின் ஜோடி. இரண்டுக்கும் நடுவே உள்ள `()()` ஒரு நல்ல சரம், ஏனென்றால் அந்தப் பகுதி முழுவதும் உயரம் 1-க்குக் கீழே இறங்கவில்லை. அதற்குப் பின் மிச்சமுள்ள `()` என்பதும் நல்ல சரம். இந்த வெட்டை அப்படியே விதியாக எழுதினால்:

```
S → (S)S | ε
```

வெற்றுச் சரமல்லாத எந்த நல்ல சரத்துக்கும் முதல் திரும்புதல் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஆகவே வெட்டவும் ஒரே இடம்தான், மரமும் ஒன்றுதான். எதை எதனோடு சேர்ப்பது என்ற தடுமாற்றத்துக்கு இந்த இலக்கணத்தில் இடமே இல்லை.

இதைச் சரிபார்க்க எண்ணிக்கை ஒரு நல்ல வழி. ஜோடிகள் 1, 2, 3, 4 என்று கூடும்போது நல்ல சரங்களின் எண்ணிக்கை 1, 2, 5, 14. இவை கட்டலான் எண்கள். புது விதியில் எத்தனை மரங்கள் வரும் என்று எண்ணினாலும் அதே 1, 2, 5, 14 வரும். சரங்களும் மரங்களும் ஒரே எண்ணிக்கை, ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு மரமாவது உண்டு என்றால், எந்தச் சரத்துக்கும் இரண்டாவது மரம் இல்லை.

இதற்குப் பிறகே சம எண்ணிக்கைக் கேள்விக்கு வருவேன். a வந்தால் மேலே, b வந்தால் கீழே. கோடு முடிவில் தரைக்கு வந்தால் போதும். நடுவில் தரைக்குக் கீழே போகலாமா என்று கேட்டால், போகலாம். அடைப்புக்குறிக் கேள்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது ஒன்றுதான். கோட்டை வரையாமல் விதியை நேரடியாக எழுதப் பார்ப்பவர்களிடமிருந்து முதலில் வருவது இது:

```
S → aSb | bSa | ε
```

நீளம் 4-இல் சம எண்ணிக்கைச் சரங்கள் ஆறு: aabb, abab, abba, baab, baba, bbaa. ஆறையும் பலகையில் எழுதி ஒவ்வொன்றாக வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். abba வராது. இந்த விதிகளில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எப்போதும் வேறுவேறாக இருக்கும். abba-வில் இரண்டும் a. அதே காரணத்தால் baab-உம் வராது. இந்தப் பிழையை யாரும் எளிதில் பிடித்துவிடுவார்கள்.

எளிதில் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. ஓர் ஆண்டு, பின்வரிசையில் உட்காரும் ஒரு மாணவி பலகைக்கு வந்து இதை எழுதினாள்:

```
S → aSb | bSa | abS | baS | ε
```

“சார், abba-வுக்கு ab முன்னால, பிறகு ba. baab-க்கும் அப்படித்தான். ஆறும் வந்துடுது சார்” என்றாள்.

“ஆறும் வருது, சரிதாம்மா. நீளம் 6 பார்த்தியா?”

“அதுல இருபது இருக்கே சார்.”

“இருபதும் பார்க்க வேண்டாம். உன் விதியில எது கஷ்டப்படும்னு யோசி. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒண்ணா இருக்கணும். அப்ப முதல் ரெண்டு விதியும் உதவாது. ஆரம்பத்துல ab-யும் வரக்கூடாது, ba-வும் வரக்கூடாது.”

அவள் சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு aa என்று தொடங்கினாள். கடைசியில் a. நடுவில் மூன்று b. aabbba. மூன்று a, மூன்று b. கேள்வி கேட்கும் சரம்தான், அவளுடைய இலக்கணத்தில் வராது. அதன் எதிர்ப்படிவம் bbaaab-உம் வராது. நீளம் 6-இல் உள்ள 20 சரங்களில் மற்ற 18-உம் வந்துவிடும். நீளம் 2-இலும் 4-இலும் முழுமையாகத் தேறிய இலக்கணம், 6-இல் இரண்டே சரங்களில் விழுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் இந்த இலக்கணத்தை நானே பலகையில் எழுதி, விடுபடுவதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

aabbba-வின் கோட்டை வரைந்தால் காரணம் தெரியும். உயரங்கள் 1, 2, 1, 0, -1, 0. நான்காம் எழுத்தில் கோடு தரையைத் தொடுகிறது. அங்கே வெட்டினால் aabb, ba என்று இரண்டு நல்ல சரங்கள். இந்த வெட்டு தற்செயல் அல்ல. a-வில் தொடங்கினால் கோடு முதலில் +1-க்குப் போகிறது. a-வில் முடிந்தால் கடைசி எழுத்துக்கு முன் -1-இல் இருந்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு படிதான் நகர முடியும் என்பதால், +1-இலிருந்து -1-க்குப் போகிற கோடு நடுவில் பூஜ்யத்தைத் தொட்டே ஆக வேண்டும். ஆகவே, ஒரே எழுத்தில் தொடங்கி முடியும் சரம் எதையும் இரண்டு நல்ல சரங்களாக வெட்ட முடியும். அந்த வெட்டின் முதல் பகுதி எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். அந்த மாணவியின் abS, baS விதிகள் நீளம் 2 உள்ள முதல் பகுதிக்கு மட்டும் இடம் கொடுத்தன. aabbba-வுக்கு வேண்டிய முதல் பகுதியின் நீளம் 4.

ஓர் இலக்கணம் சரி என்று நிறுவ இரண்டு பக்கம் உண்டு. இலக்கணம் பிறப்பிக்கும் ஒவ்வொரு சரமும் வேண்டிய சரம்தான் என்பது ஒரு பக்கம். வேண்டிய ஒவ்வொரு சரத்தையும் இலக்கணம் பிறப்பிக்கும் என்பது மறுபக்கம். முதல் பக்கம் எளிது: ஒவ்வொரு விதியும் ஒரு a-வையும் ஒரு b-யையும் சேர்த்தே போடுகிறது என்று பார்த்தால் போதும். மாணவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிழைகள் எல்லாம் மறுபக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே விதிகளைப் பார்ப்பதால் பயனில்லை. சரத்தை எடுத்து, அதை எங்கே வெட்டுவது என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன +1, -1 வாதம் அந்த வெட்டைக் காட்டிவிட்டதால், S → aSb | bSa | SS | ε என்ற இலக்கணம் முழுமையானது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அடைப்புக்குறிக்குச் செய்ததுபோல இங்கேயும் SS-ஐ நீக்கி முதல் திரும்புதலில் வெட்டினால், பல நூல்களில் காணப்படும் இந்த வடிவம் வரும்:

```
S → aSbS | bSaS | ε
```

இதுவும் முழுமையானது. ஆனால் அடைப்புக்குறியில் கிடைத்த ஒற்றை மரம் இங்கே கிடைப்பதில்லை. லேபில் இதை எண்ணிப் பார்க்க ஒரு சிறு பைதான் நிரல் கொடுப்பேன். ஒரு சரத்துக்கு இந்த விதிகளில் எத்தனை மரங்கள் என்று அது எண்ணும்.

```python
from functools import lru_cache
from itertools import product

@lru_cache(None)
def trees(w):
    if w == "":
        return 1
    c = "b" if w[0] == "a" else "a"
    return sum(trees(w[1:i]) * trees(w[i+1:])
               for i in range(1, len(w)) if w[i] == c)

for n in (2, 4, 6):
    ws = ["".join(p) for p in product("ab", repeat=n)]
    good = sum(w.count("a") == w.count("b") for w in ws)
    print(n, good, sum(trees(w) for w in ws))
```

விடை மூன்று வரிகள்: `2 2 2`, `4 6 8`, `6 20 40`. முதல் எண் நீளம், இரண்டாவது வேண்டிய சரங்கள், மூன்றாவது மரங்கள். நீளம் 4-இல் ஆறு சரங்களுக்கு எட்டு மரங்கள். அதிகமாக வந்த இரண்டும் abab, baba ஆகிய இரண்டுக்குப் போகின்றன. abab-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் a-வுக்கு இரண்டாம் எழுத்தான b-ஐ ஜோடியாக்கி, மிச்சமுள்ள ab-ஐக் கடைசி S-இல் வைக்கலாம். அல்லது நான்காம் எழுத்தான b-ஐ ஜோடியாக்கி, நடுவில் உள்ள ba-வை முதல் S-இல் வைக்கலாம்.

இரண்டாவது வெட்டு எங்கிருந்து வந்தது? நாம் முதல் திரும்புதலை மனத்தில் வைத்து விதியை எழுதினோம். விதியில் அந்த நிபந்தனை இல்லை. a-வுக்கும் b-க்கும் நடுவே உள்ள S, தரைக்குக் கீழே இறங்கும் ba-வையும் ஏற்றுக்கொள்கிறது. அடைப்புக்குறி மொழியில் எந்தச் சரமும் கீழே இறங்காது என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. இங்கே நடுப்பகுதிக்கு ‘கீழே இறங்காதே’ என்ற கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாடு உள்ள மொழி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது: a-வைத் திறக்கும் குறியாகவும் b-யை மூடும் குறியாகவும் கொண்ட அடைப்புக்குறி மொழி. அதற்கு P என்று பெயர் வைப்போம். தரைக்குக் கீழே நடக்கும் பயணத்துக்கு அதன் தலைகீழ் வடிவம் N.

```
S → aPbS | bNaS | ε
P → aPbP | ε
N → bNaN | ε
```

தரையிலிருந்து மேலே புறப்பட்டால் முதல் திரும்புதல்வரை P. கீழே புறப்பட்டால் முதல் திரும்புதல்வரை N. திரும்பிய பிறகு மறுபடி S. இப்போது abab-க்கு ஒரே மரம்தான். நீளம் 2, 4, 6-க்கு மரங்களை எண்ணினால் 2, 6, 20 என்று சரங்களின் எண்ணிக்கைக்கு இம்மி பிசகாமல் பொருந்தும். அடுத்த ஓர் எழுத்தைப் பார்த்தே எந்த விதியை எடுப்பது என்றும் முடிவு செய்யலாம்: P-இல் இருக்கும்போது a வந்தால் விரி, b வந்தால் ε. கையால் ஒரு பார்ஸர் எழுத இதைவிட வசதியான வடிவம் தேவையில்லை. அடைப்புக்குறிக் கேள்வியை நான் முதலில் நடத்துவது இதற்காகத்தான். சம எண்ணிக்கை மொழி என்பது அடைப்புக்குறி மொழியின் பயணங்களைத் தரைக்கு மேலும் கீழுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. அந்த உறவு இந்த மூன்று விதிகளிலும் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

1979-இல் வெளியான ஹாப்கிராஃப்ட், உல்மன் பாடநூலில் இதே மொழிக்கு வேறோர் இலக்கணம் உண்டு. அதில் A என்பது ஒரு a கூடுதலாக உள்ள சரங்களையும், B என்பது ஒரு b கூடுதலாக உள்ள சரங்களையும் குறிக்கும். நிறுவுவதற்கு அது அழகான எடுத்துக்காட்டு, ஏனென்றால் மூன்று கூற்றுகளையும் ஒன்றாக வைத்து நீளத்தின்மேல் இன்டக்‌ஷன் செய்ய வேண்டும். aabbab என்ற சரத்துக்கு அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் உண்டு. அதைப் பயிற்சியாகக் கொடுத்து, ஏன் என்று கோட்டை வைத்து விளக்கச் சொல்வேன். முதல் திரும்புதல்வரை என்ற கட்டுப்பாடு B-க்கு இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்தவர்களுக்கு மேலே உள்ள P, N விதிகள் தாமாகவே வந்துவிடுகின்றன.

இந்த முறை எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். a, b, c மூன்றும் சம எண்ணிக்கையில் வேண்டும் என்றால் சூழல்சாரா இலக்கணமே கிடையாது. அந்த மொழியில் a-க்கள் எல்லாம் முதலில், பிறகு b-க்கள், பிறகு c-க்கள் என்று வரிசையாக உள்ள சரங்களை மட்டும் பிரித்தெடுத்தால் aⁿbⁿcⁿ கிடைக்கும். அது சூழல்சாரா மொழி அல்ல என்பது பம்பிங் லெம்மாவின் வழியாகத் தெரிந்தது. கோட்டின் மொழியில் சொன்னால், மூன்று எழுத்துகளுக்கு ஒரே உயரம் போதாது. இரண்டு வித்தியாசங்களை ஒரே நேரத்தில் கணக்கில் வைக்க வேண்டும். அடைப்புக்குறியில் அப்படியில்லை. சதுர அடைப்பையும் சேர்த்துக்கொண்டால் S → [S]S என்று ஒரு விதி கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் `([)]` போன்றதைத் தள்ள வெறும் எண்ணிக்கை போதாது. எது திறந்தது என்று நினைவில் வைக்க ஸ்டாக் வேண்டும். இந்தப் பலவகை அடைப்புக்குறி மொழிக்கு டிக் மொழி என்று பெயர். எந்தச் சூழல்சாரா மொழியையும், ஒரு டிக் மொழியையும் ஒரு ரெகுலர் மொழியையும் வெட்டி, குறிகளில் சிலவற்றைப் பெயர்மாற்றி, சிலவற்றை அழித்துப் பெறலாம் என்று சோம்ஸ்கியும் ஷூட்ஸன்பெர்ஜேயும் 1963-இல் நிறுவினார்கள்.

வகுப்பின் கடைசியில் ஒரு கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன்: a எத்தனையோ அதைப்போல் இரண்டு மடங்கு b இருக்கும் சரங்களுக்கு இலக்கணம் எழுதுக. கோட்டை வரையக் கற்றுக்கொண்டவர்கள் a-வுக்கு இரண்டு படி மேலே, b-க்கு ஒரு படி கீழே என்று வைத்துக்கொள்கிறார்கள். முதல் திரும்புதலில் வெட்டி S → aSbSbS | bSbSaS | ε என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நீளம் 3-இல் வேண்டிய சரங்கள் மூன்று: abb, bab, bba. நடுவில் உள்ள bab மட்டும் வராது. அதன் உயரங்கள் -1, +1, 0. இரண்டு படி ஒரேயடியாக ஏறும்போது கோடு பூஜ்யத்தைத் தொடாமல் தாண்டிவிடுகிறது. ஒரு படியாக நகரும் கோடு பூஜ்யத்தைத் தொட்டே ஆகும் என்று முன்பு சொன்ன வாதம் இங்கே செல்லாது. ஆகவே தாண்டுவதற்கென்று தனியாக bSaSbS என்ற விதியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் எல்லா வழியும் அடைபடுகிறது: a-வில் புறப்பட்ட கோடு ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும், b-யில் புறப்பட்ட கோடு மேலே வரும்போது -2-இலிருந்து 0-க்கு வர வேண்டும், அல்லது -1-இலிருந்து +1-க்குத் தாண்ட வேண்டும். வேறு வழி இல்லை. மூன்று நிலைக்கும் ஒவ்வொரு விதி இருக்கிறது. மறுநாள் விடைத்தாளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இலக்கணத்தை அல்ல. ‘வேறு வழி இல்லை’ என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்பதை.